சரிவு 500, காரணங்கள் 1,490: லாப மரத்தில் கிளைகள் மோதும் இடம்

கேள்வி: அலுவலக நாற்காலி தயாரித்து நேரடியாகவும் டீலர்கள் வழியாகவும் விற்கிறோம். சென்ற ஆண்டு 1,200 ஆயிரமாக இருந்த இயக்க லாபம் இந்த ஆண்டு 700 ஆயிரமாக இறங்கிவிட்டது. வருவாயோ 8,800 ஆயிரத்திலிருந்து 8,850 ஆயிரமாகச் சற்றே கூடியிருக்கிறது. காரணம் தேட, லாபச் சரிவைக் கிளை கிளையாகப் பிரிக்கும் சிக்கல் மரம் வரைந்தேன். சராசரி விலை இறங்கியதால் 390, நேரடி விற்பனை குறைந்ததால் 400, டீலர் தள்ளுபடியால் 150, மாறும் செலவு கூடியதால் 510, நிலைச் செலவு கூடியதால் 40. கூட்டினால் 1,490 வருகிறது, குறைந்தது 500தான். எந்தக் கிளையில் தப்பு? இரண்டு ஆண்டு விவரங்களையும் இணைத்துள்ளேன்.

பதில்: தனியாக எடுத்துப் பார்த்தால் ஐந்து கிளைகளின் கணக்கும் சரிதான். அவற்றைச் சேர்த்துக் கூட்டியதுதான் தப்பு. ஒரே பணம் இரண்டு பெயரில் இரண்டு கிளைகளில் உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று, லாபத்தைக் கூட்டிய கிளை ஒன்று மரத்திலேயே இல்லை. லாபம் குறைந்த ஆண்டில் எல்லாரும் குறைத்ததையே தேடுவதால் கூட்டியது கண்ணில் படாமல் போவது வழக்கம்.

நீங்கள் இணைத்ததிலிருந்து இதற்குத் தேவையானது கொஞ்சம்தான். நேரடி விற்பனை 4,000 நாற்காலியிலிருந்து 3,000 ஆகியிருக்கிறது. விலை இரண்டு ஆண்டும் 1,000. டீலர் விற்பனை 6,000 நாற்காலியிலிருந்து 7,500 ஆகியிருக்கிறது. தள்ளுபடி போக நிகர விலை 800-லிருந்து 780. ஒரு நாற்காலிக்கான மாறும் செலவு 600-லிருந்து 620. நிலைச் செலவு 1,600 ஆயிரத்திலிருந்து 1,640 ஆயிரம். இனி மொத்தத் தொகைகளை எல்லாம் ஆயிரத்தில் சொல்கிறேன். ஒரு நாற்காலிக்கு என்று சொல்லும்போது மட்டும் முழு எண்.

முதலில் அந்த 390-ஐப் பிரித்துப் பார்ப்போம். சராசரி விலை 880-லிருந்து ஏறத்தாழ 843 ஆகியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை 10,500 நாற்காலியால் பெருக்கினால் 390. ஆனால் சராசரி விலை என்று எந்த வாடிக்கையாளரும் உங்களுக்குப் பணம் கொடுப்பதில்லை. அது இரண்டு காரணங்களால் இறங்கியிருக்கிறது. டீலருக்கு 20 குறைத்தது ஒன்று: 7,500 நாற்காலிக்கு 150. 1,000-க்கு விற்கும் வழி சுருங்கி 800-க்கு விற்கும் வழி பெருத்தது மற்றொன்று: மீதி 240. ஆக, டீலர் தள்ளுபடி என்று நீங்கள் தனிக் கிளையில் எழுதிய 150, சராசரி விலைக் கிளைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. முதல் இரட்டைக் கணக்கு இது.

அடுத்தது நேரடி விற்பனையின் 400. 1,000 நாற்காலி போயிற்று, ஒவ்வொன்றும் மாறும் செலவு போக 400 தந்துகொண்டிருந்தது, சரி. ஆனால் அதே ஆண்டில் டீலர் வழியில் 1,500 நாற்காலி கூடியிருக்கிறதே! பழைய விலையில், பழைய செலவில் ஒவ்வொன்றும் 200 தந்திருக்கும், அது 300. உங்கள் மரத்தில் இல்லாத கிளை இதுதான். இரண்டையும் சேர்த்தால் இழப்பு 100 மட்டுமே. இந்த 100-ஐயும் பிரிக்க வேண்டும். மொத்தம் 500 நாற்காலி கூடியது நல்லது. மாறும் செலவு போக ஒரு நாற்காலி தந்ததைப் பங்களிப்பு என்போம்; சென்ற ஆண்டின் சராசரிப் பங்களிப்பான 280-ஆல் பெருக்கினால் 140 வரவு. விற்பனை மலிவான வழிக்கு நகர்ந்தது கெட்டது, 240 இழப்பு. அந்த 240 மேலே சராசரி விலைக்குள் பார்த்த அதே 240. ஆகவே 400 இழப்பு என்ற வரி, விடுபட்ட 300-ஐச் சேர்த்து, மற்ற கிளைகளில் ஏற்கெனவே வந்ததை நீக்கிவிட்டால், 140 வரவாக மாறிவிடுகிறது.

கடைசியாக மாறும் செலவின் 510. மொத்தம் 6,000-லிருந்து 6,510 ஆனது உண்மை. ஆனால் அதில் 300 என்பது கூடுதலாகச் செய்த 500 நாற்காலிக்கான பழைய செலவு. 280 என்ற பங்களிப்பே விலையிலிருந்து அந்த 600-ஐக் கழித்து வந்ததுதான். மறுபடி கழிக்கக் கூடாது. ஒரு நாற்காலிக்கு 20 கூடியது மட்டுமே செலவுக் கிளைக்கு உரியது: 10,500 நாற்காலிக்கு 210.

இப்போது 1,490-லிருந்து தள்ளுபடிக்கு 150, நேரடி விற்பனை வரிக்கு 540, செலவு வரிக்கு 300 திருத்துங்கள். 500 வந்து நிற்கும்.

இதிலிருந்து மரத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு வருகிறேன். கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது என்பது ஆலோசகர்கள் ஓயாமல் சொல்லும் விதி. மெக்கின்சியில் பணியாற்றிய பார்பரா மின்ட்டோவால் பரவியது. விதியைச் சொல்வது சுலபம். ஒரு மரம் அதற்கு அடங்குகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெயர்களைப் பார்த்தால் விலை, வாடிக்கையாளர், விற்பனை வழி, தள்ளுபடி, சந்தைப் போட்டி எல்லாம் வேறுவேறாகத்தான் தெரியும். லாப மரத்துக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு பிரிவையும் கூட்டல், கழித்தல், பெருக்கலாக எழுதிவிடலாம். அப்படி எழுத முடிந்தால் கிளைகள் மோதவில்லை, விடுபடவும் இல்லை. எழுத முடியாவிட்டால் அது கிளை இல்லை.

உங்கள் மரத்தின் உச்சியில் இயக்க லாபம். அது பங்களிப்பில் நிலைச் செலவைக் கழித்தது. பங்களிப்பு என்பது ஒவ்வொரு விற்பனை வழியிலும் எண்ணிக்கையை, ஒரு நாற்காலியின் நிகர விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்து வந்ததால் பெருக்கி, இரண்டையும் கூட்டியது. எண்ணிக்கை என்பது மொத்த எண்ணிக்கையும் அதில் ஒவ்வொரு வழியின் பங்கும். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வருவாயை ஒரு பக்கமும் செலவை மறுபக்கமுமாகப் பிரித்துவிட்டு இரண்டையும் தனித்தனியாக ஆராயும் பழக்கம்தான் உங்களை 510-இல் தள்ளியது. கூடுதலாக விற்ற நாற்காலி இரு பக்கத்திலும் தோன்றும்; வருவாய்ப் பக்கத்தில் நல்ல செய்தியாக, செலவுப் பக்கத்தில் கெட்ட செய்தியாக. எண்ணிக்கையை இரு பக்கத்துக்கும் பொதுவாக வெளியே எடுத்துவிட்டால், வருவாய்க் கிளையில் விலை மட்டும் மிஞ்சும். செலவுக் கிளையில் ஒரு நாற்காலிக்கான செலவும் நிலைச் செலவும் மட்டும் மிஞ்சும்.

இப்படிப் பிரித்தால் உங்கள் 500 இப்படி வரும்:

```
மொத்த எண்ணிக்கை            +140
விற்பனை வழிக் கலவை         -240
நிகர விலை (டீலர்)            -150
ஒரு நாற்காலியின் செலவு      -210
நிலைச் செலவு                 -40
மொத்தம்                     -500
```

விரிதாளில் செய்ய, 2, 3 ஆம் வரிசைகளில் இரண்டு வழிகளையும் வையுங்கள். B-இல் சென்ற ஆண்டு எண்ணிக்கை, C-இல் இந்த ஆண்டு எண்ணிக்கை, D-இல் ஒரு நாற்காலிக்குச் சென்ற ஆண்டுப் பங்களிப்பு, E-இலும் F-இலும் பழைய, புதிய நிகர விலை. கீழே வரிசையாக எண்ணிக்கை, கலவை, விலை ஆகிய மூன்றுக்கான சூத்திரங்கள். செலவுக்கு, ஒரு நாற்காலியின் பழைய, புதிய செலவை G-இலும் H-இலும் வைத்து மூன்றாவதைப் போலவே எழுதி, கூட்டல் கழித்தல் குறியை மட்டும் மாற்றுங்கள். விடைகள் முழு எண்ணில் வரும், ஆயிரத்தில் பார்க்க 1,000-ஆல் வகுங்கள்.

```
=(SUM(C2:C3)-SUM(B2:B3))*SUMPRODUCT(B2:B3,D2:D3)/SUM(B2:B3)
=SUMPRODUCT(C2:C3,D2:D3)-SUM(C2:C3)*SUMPRODUCT(B2:B3,D2:D3)/SUM(B2:B3)
=SUMPRODUCT(C2:C3,F2:F3-E2:E3)
```

இங்கே ஒரு பொடி விஷயம் பலரை மாட்டிவிடும். டீலர் விலை இறக்கத்தை நான் இந்த ஆண்டின் 7,500-ஆல் பெருக்கினேன். சென்ற ஆண்டின் 6,000-ஆல் பெருக்கியிருந்தால் 120தான் வரும். நடுவில் உள்ள 30 யாருடையது? கூடுதலாக விற்ற 1,500 நாற்காலியும் குறைந்த விலையில் போனதால் வந்தது அது. விலைக்கும் எண்ணிக்கைக்கும் கூட்டுச் சொத்து. இரண்டு கிளைகளையும் பழைய ஆண்டை வைத்துக் கணக்கிட்டால் இந்த 30 விடுபடும். இரண்டையும் புதிய ஆண்டை வைத்துக் கணக்கிட்டால் இரட்டிப்பாகும். எனவே எண்ணிக்கையும் கலவையும் பழைய விலையில், விலையும் செலவும் புதிய எண்ணிக்கையில் என்று ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். எதற்குப் பழையது, எதற்குப் புதியது என்பது முக்கியமில்லை, கடைசி வரை ஒரே முறையா என்பதுதான் முக்கியம். கூட்டுத்தொகையில் சிறிய வித்தியாசம் நின்றால் அதைப் பிற இனங்கள் என்று ஒரு கிளை போட்டு மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் அது இந்தக் கூட்டுச் சொத்துச் சிக்கலாகத்தான் இருக்கும்.

எண்கள் கூடிவந்ததாலேயே மரம் பழுதில்லாதது என்று சொல்ல முடியாது. இன்னொரு சோதனை பேரேட்டில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளின் இருப்பாய்வையும் எடுத்து, வருமானம், செலவு ஆகிய ஒவ்வொரு கணக்கின் எதிரிலும் மரத்தின் எந்த இலைக்கு அது போகிறது என்று ஒரு குறியீடு எழுதுங்கள். ஒரு கணக்குக்கு ஒரே குறியீடு. இரண்டு இலைகளுக்கு இடையில் தடுமாறினால் மோதல் அங்கே இருக்கிறது. எழுத இடமில்லாமல் நின்றால் ஓட்டை அங்கே இருக்கிறது. நாற்காலித் தொழிலில் தடுமாறும் கணக்குகள் சிலவே. டீலருக்கு ஆண்டு முடிவில் தரும் ஊக்கத் தொகை பல நிறுவனங்களில் விளம்பரச் செலவில் போய் உட்கார்ந்திருக்கும். அது உண்மையில் விலைக் குறைப்பு, நிகர விலைக்குத்தான் போக வேண்டும். திரும்பி வந்த நாற்காலி வருவாயைக் குறைக்கும், பழுது பார்க்கும் கூலி செலவைக் கூட்டும், இரண்டும் வெவ்வேறு இலைகள். பழைய இயந்திரம் விற்ற லாபம் போன்ற ஒருமுறை வரவுகளை மரத்தின் உச்சியிலேயே வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சென்ற ஆண்டு லாபம் பொய்யாக உயர்ந்து நிற்கும், இல்லாத சரிவுக்குக் காரணம் தேடுவீர்கள்.

உங்கள் 600, 620 இரண்டும் மாறும் செலவு மட்டும்தானா என்பதையும் இதே மூச்சில் சரிபாருங்கள். செலவுக் கணக்கு முறை ஆலையின் வாடகையையும் மேற்பார்வைச் சம்பளத்தையும் நாற்காலிகளுக்குப் பங்கிட்டு அந்த எண்ணுக்குள் வைத்திருந்தால், உற்பத்தி குறைந்த ஆண்டில் யாரும் ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமலே ஒரு நாற்காலியின் செலவு ஏறும். அதோடு அதே வாடகை நிலைச் செலவுக் கிளையிலும் தலைகாட்டினால் இரட்டைக் கணக்குதான். உங்கள் இணைப்பில் 600 என்பது பொருள் 380, கூலி 120, சரக்குப் போக்குவரத்து 100 என்று இருக்கிறது. கூலி துண்டு வேலைக்கானது என்றால் பிரச்சினை இல்லை. மாதச் சம்பளம் என்றால் அதை நிலைச் செலவுக்கு மாற்றிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

இனி எந்தக் கிளையை மேலும் பிளப்பது? நிலைச் செலவின் 40-ஐ விடுங்கள். 500-இல் அது சிறு துண்டு. அதைப் பத்து இலைகளாகப் பிளந்து மின்கட்டணத்தை ஆராய்வதற்குள் மாதம் முடிந்துவிடும். 210-ஐப் பிளக்க வேண்டும். பொருள் 380-லிருந்து 384, 42 போயிற்று. கூலி அப்படியே. போக்குவரத்து 100-லிருந்து 116, 168 போயிற்று. பொருள் விலை ஏற்றம் பற்றித்தான் எல்லாக் கூட்டத்திலும் பேச்சு நடக்கும், எண்ணோ வேறு இடத்தைக் காட்டுகிறது.

போக்குவரத்தை எப்படிப் பிளப்பது என்பதில் கவனம் தேவை. டீசல், வாடகை வண்டி, ஓட்டுநர், சுங்கம் என்று கணக்குத் தலைப்புகளின்படி பிரித்தால் மோதல் இல்லாத மரம் வரும். ஆனால் எல்லாத் தலைப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும், ஒன்றும் புரியாது. செலவை உண்டாக்குவது எதுவோ அதன்படி பிளக்க வேண்டும். இங்கே அது லாரி நடை. சென்ற ஆண்டு 500 நடை, நடைக்கு 2,000. இந்த ஆண்டு 600 நடை, நடைக்கு 2,030. ஒரு நடைக்கு ஏற்றிய நாற்காலி 20-லிருந்து 17.5 ஆகியிருக்கிறது. பழையபடி 20 ஏற்றியிருந்தால் 10,500 நாற்காலிக்கு 525 நடை போதும். கூடுதலாக ஓடிய 75 நடைக்கு 150, நடைக்கு 30 கூடியதற்கு 18, சேர்த்தால் 168. ஆக, வண்டி வாடகை பற்றிப் பேரம் பேசி என்ன பெரிய பயன்? லாரி நிறையாமல் கிளம்புகிறது என்பதுதான் விஷயம்.

இந்த நடைகளை வழிவாரியாகப் பிரித்தால் இன்னும் தெளியும். நேரடி விற்பனைக்கு சென்ற ஆண்டு 200 நடை, இந்த ஆண்டு 150. இரண்டிலும் நடைக்கு 20 நாற்காலி. டீலருக்கு 300 நடை 450 ஆகிவிட்டது. 20 நாற்காலி ஏற்றிய லாரி இப்போது சராசரியாக 17-க்கும் குறைவாக ஏற்றுகிறது. நிறையாத 75 நடையும் டீலர் வழியில்தான். போக்குவரத்தை எல்லா நாற்காலிக்கும் சமமாகப் பங்கிட்ட உங்கள் 620 இந்த உண்மையை மறைத்துவிட்டது. நேரடி விற்பனையின் தலையில் டீலரின் லாரிச் செலவில் ஒரு பகுதி விழுந்திருக்கிறது. சென்ற ஆண்டு இரண்டு வழியிலும் நடைக்கு 20 என்பதால் மேலே போட்ட கலவைக் கணக்கு மாறவில்லை, அது உங்கள் அதிர்ஷ்டம். பழைய ஆண்டிலேயே வழிகளுக்குள் செலவு வேறாக இருந்திருந்தால் 240 என்ற எண்ணே தப்பாகியிருக்கும்.

இப்போது டீலர் வழியைத் தனியே பாருங்கள். பொருள் விலையும் நடை வாடகையும் சென்ற ஆண்டு போலவே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அவை டீலரால் வந்தவை அல்ல. நிகர விலை 780. பொருளும் கூலியும் 500. 450 நடைக்கு 2,000 வீதம் 7,500 நாற்காலிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 120. மிஞ்சுவது 160. 7,500-ஆல் பெருக்கினால் 1,200. சென்ற ஆண்டு 6,000 நாற்காலிக்கு 200 வீதம் வந்ததும் 1,200தான். 1,500 நாற்காலி கூடுதலாகச் செய்து, ஏற்றி, இறக்கி, தள்ளுபடியும் கொடுத்து, டீலர் வழியில் ஒரு காசு கூடவில்லை.

இந்த இடத்தில்தான் சிக்கல் மரம் வரைபவர்கள் வழுக்குகிறார்கள். டீலர் தள்ளுபடித் திட்டம்தான் காரணம் என்று தோன்றியதும் அதற்கு மரத்தில் ஒரு கிளை போட்டுவிடுவார்கள். அந்தத் திட்டம் விலை இலையைத் தொடுகிறது, எண்ணிக்கையைத் தொடுகிறது, சிறு சிறு ஆர்டராகப் பிரித்து வாங்க விட்டிருந்தால் லாரி நடையைத் தொடுகிறது, நேரடி வாடிக்கையாளரை டீலரிடம் தள்ளியிருந்தால் கலவையையும் தொடுகிறது. ஒரே காரணம் நான்கு இலைகளில் நிற்கும். ஒரே இலையை மூன்று காரணங்கள் ஆட்டும். காரணங்களின் இயல்பே அப்படித்தான், அவற்றை மோதாமல் பிரிக்க முயல்வது வீண். அதனால் கணக்கை மரத்தில் வையுங்கள், காரணங்களை வேறு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு காரணத்தின் எதிரிலும் அது எந்த இலைகளைத் தொடுகிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரை என்று எழுதினால் போதும். ஒரு இலையில் காரணங்கள் எல்லாம் சேர்ந்து உரிமை கோரும் தொகை அந்த இலையின் தொகையைத் தாண்டினால் எங்கோ மிகைப்படுத்தியிருக்கிறீர்கள்.

உங்கள் தாளில் முதல் வரி தள்ளுபடித் திட்டம். விலையில் 150 முழுக்க அதனுடையது, ஐயமில்லை. லாரி நடையில் 150-க்கு அது காரணமா என்று பார்க்க டீலர் ஆர்டர்களை மாதவாரியாக எடுத்து ஓர் ஆர்டருக்கு எத்தனை நாற்காலி என்று வரையுங்கள். திட்டம் தொடங்கிய மாதத்துக்குப் பிறகு அளவு இறங்கினால் தொடர்பு இருக்கலாம். அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தால் திட்டத்தை விட்டுவிட்டு, குறைந்தபட்ச ஆர்டர் அளவு என்ற விதி யாராலாவது தளர்த்தப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு கேள்விக்கும் அனுப்பும் பிரிவின் பதிவே விடை சொல்லும்.

கலவையின் 240தான் கடினமான பகுதி. இழந்த 1,000 நேரடி நாற்காலி எங்கே போயின? இதற்கு மூன்று விடைகள் இருக்க முடியும்: வாடிக்கையாளர் உங்கள் டீலரிடமே போனார், போட்டியாளரிடம் போனார், அல்லது இந்த ஆண்டு நாற்காலி வாங்கவே இல்லை. இதுவும் ஒரு சிறு மரம், மோதலோ ஓட்டையோ இல்லாதது. ஏனென்றால் ஒருவர் வாங்கினார் அல்லது வாங்கவில்லை, வாங்கினால் உங்கள் பொருளை அல்லது வேறொன்றை. சென்ற ஆண்டு நேரடியாக வாங்கி இந்த ஆண்டு வாங்காதவர்களின் பட்டியலை எண்ணிக்கைப்படி அடுக்கி, மேலிருந்து இழப்பில் பாதி வரும் வரை எடுங்கள். அவர்கள் பெயரையும் முகவரியையும் டீலர்களின் உத்தரவாதப் பதிவிலும், டீலருக்காக நீங்களே நேரே இறக்கிக் கொடுத்த சரக்கின் முகவரியிலும் தேடுங்கள். கிடைக்காதவர்களைத் தொலைபேசியில் கேளுங்கள். நாற்காலி தேவைப்பட்டதா, யாரிடம் வாங்கினீர்கள் என்ற இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். ஏன் எங்களை விட்டீர்கள் என்று கேட்டால் விலை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பி இன்னொரு தள்ளுபடி கொடுப்பீர்கள்.

டீலரிடம் போனவர்கள் என்று உறுதியானவர்களின் எண்ணிக்கை தெரிந்தவுடன் கணக்கு நேராகிவிடும். அப்படி நகர்ந்த ஒவ்வொரு நாற்காலியும் 400 தந்த இடத்திலிருந்து 160 தரும் இடத்துக்கு வந்திருக்கிறது. ஒன்றுக்கு 240 நட்டம். போட்டியாளரிடம் போனதென்றால் நட்டம் முழு 400. அதற்குத் தள்ளுபடித் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது, நேரடி விற்பனைப் பிரிவைத்தான் கேட்க வேண்டும். நேரடி விற்பனை மாத வரைபடத்தையும் திட்டம் தொடங்கிய மாதத்தோடு ஒப்பிடுங்கள். திட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே நேரடி விற்பனை சரியத் தொடங்கியிருந்தால், பெயர்ப் பட்டியலில் சிலர் டீலரிடம் கிடைத்தாலும் திட்டம் முழுக் காரணமாகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு புதிய நாற்காலி ரகம் எதையாவது இறக்கினால் இந்த மரம் அப்படியே வேலை செய்யாது. சென்ற ஆண்டு விலையே இல்லாத பொருளுக்கு விலை மாற்றம் என்று எதைக் கணக்கிடுவது? புதிதாக வந்தவை, நிறுத்தியவை, இரண்டு ஆண்டும் இருந்தவை என்று முதலில் மூன்றாகப் பிரித்து, எண்ணிக்கை, கலவை, விலை கணக்கை மூன்றாவதற்கு மட்டும் போடுங்கள். முதல் இரண்டுக்கும் பங்களிப்பு முழுவதும் வந்தது அல்லது போனது என்று ஒரே எண் போதும்.

மேலிடத்துக்குக் கொண்டுபோகும் தாளில் மேலே உள்ள ஐந்து வரிகளில் முதல் மூன்றும், அதன் கீழே லாரி நடையின் 150-உம், டீலர் வழியின் 1,200-க்கு 1,200 என்ற ஒப்பீடும் இருக்கட்டும். பொருளின் 42, நடை வாடகையின் 18, நிலைச் செலவின் 40 ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதாமல் ஒரே வரியில் 100 என்று காட்டி, இதை இப்போது ஆராயவில்லை என்று குறிப்பிடுங்கள். பெயர்ப் பட்டியல் சோதனை முடியும் வரை கலவையின் 240-க்கு எதிரே காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.